வெள்ளிக்கிழமைக் காலையில் ஏழு நாள்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால்தான் பீடோங் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், ஒரு தன்னார்வக் குழு வாரம் முழுமைக்குமான தேவாரக் காணொலிகளை வெள்ளிக்கிழமை காலையிலேயே பதிந்துவிடுகிறது. நாளுக்கு ஒரு பதிகம். இரண்டு பாடல், கொஞ்சம் விளக்கம். நண்பர் ஒருவர் சொல்லித்தான் பார்க்கப் போனேன்.

முன்பு தினமும் வேலை முடிந்து இரவில் பதிந்தார்கள். வெட்டி ஒட்டும் தம்பிக்குக் கூலிம் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மார்கழி பாதியில் அவருக்கும் முடியவில்லை, பாடும் அக்காவுக்கும் குரல் கட்டிவிட்டது. பதிவுகள் நின்றுபோயின. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் இது.

அறையில் மூன்று சுவர்களில் தடித்த கம்பளி தொங்குகிறது. மெல்லிய சேலையைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையாது. காத்தாடியை நிறுத்தியாயிற்று. மேலே துத்தநாகக் கூரை. மழை வந்தால் அன்றைய வேலை முடிந்தது. பெரும்பாலும் மழை பிற்பகலில்தான் வரும், நண்பகலில் பள்ளிவாசலில் வெள்ளித் தொழுகையும் தொடங்கிவிடும். ஆகவே காலைதான் இவர்களுக்குக் கிடைக்கும் நேரம். விளக்கு, கேமரா பற்றி தம்பி நிறையச் சொன்னார். எனக்கு அதில் மனம் போகவில்லை. பதிவு வரிசைத் தாள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதில் ஞாயிறு முதலில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குரிய காணொலி முதலில், ஞாயிறு இரண்டாவது, செவ்வாயும் சனியும் கடைசியில். காரணம் அக்காவின் தொண்டை. வெள்ளிக்கு அப்பரின் நமச்சிவாயப் பதிகம். பண் காந்தாரபஞ்சமம், கேதாரகௌளையில் பாடுகிறார்கள். மேல் ஸ்தாயிக்கு ஏற வேண்டும் என்பதால் குரல் பதமாக இருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள். ஞாயிறு சம்பந்தரின் முதல் பதிகம், நட்டபாடை. செவ்வாய்க்குத் திருநீற்றுப் பதிகம், சனிக்குக் கோளறு பதிகம். ஒன்று காந்தாரம், மற்றது பியந்தைக்காந்தாரம். இரண்டையும் இன்று நவரோசில்தான் பாடுகிறார்கள். நவரோசு மேல் ஷட்ஜத்தைத் தொடுவதில்லை. களைத்த குரலுக்கும் அது இடம் கொடுக்கும். ஒரே ராகம் என்பதால் அடுத்தடுத்து பாடும்போது மனமும் மாற வேண்டியதில்லை.

பாட்டெல்லாம் முடிந்த பிறகுதான் விளக்கவுரைகள். அவற்றில் "இன்று", "நேற்று பெய்த மழை" போன்ற சொற்கள் கூடாது. ஒவ்வொரு காணொலிக்கும் முன் சிறு பலகையில் கிழமையை எழுதிக் காட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது எது எந்த நாளுக்கு என்று தெரியாது. சேலையும் மாலையும் மாறும். வியர்வையில் அழிந்த திருநீற்றை மறுபடி பூசிக்கொள்கிறார்.

அக்கா பால்வெட்டுக்காரரின் மகள், தானும் வெட்டியவர். இருட்டில் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரையில் நின்றவர். தோட்டக் கோயிலில் கேட்டுக் கேட்டுத்தான் தேவாரம் படிந்தது. பிறகு இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யத் தொடங்கினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன, பிள்ளைகளும் போய்விட்டார்கள். இந்தக் காணொலிகள் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். உழைப்பு அத்தனையும் இவருடையது. இவர் பாடியதை எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பெயரையாவது போடலாம். காசு கேட்காதவரிடம் திருடுவது இன்னும் கேவலம்.

"வெயில் ஏறினா மரத்துல பால் நின்னுடும் தம்பி, தொண்டையும் அப்படித்தான். நிக்கிறதுக்கு முன்னாடி வெட்டி முடிச்சிடணும்," என்றார் அக்கா.

நிற்கப் போவதை எப்படித் தெரிந்துகொள்வது? உரக்கப் பாடிப் பார்த்தால் தெரியாது. களைத்த குரலையும் அழுத்தி உரக்க எழுப்பிவிடலாம். ஒவ்வொரு பதிகத்துக்குப் பிறகும் அக்கா மேல் சுரம் ஒன்றை மிக மெல்லிய குரலில் முனகிப் பார்க்கிறார். சுத்தமாக வந்தால் அடுத்த பாட்டு. காற்றுக் கலந்து வந்தாலோ, சற்றுத் தாமதித்து எழுந்தாலோ குரல்நாண் வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது வெந்நீர் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் குரலுக்கு ஓய்வல்ல.

நான் போன அன்று ஆறு பதிகம் நல்லபடி முடிந்தன. செவ்வாய்க்குரியது முடிந்ததும் முனகிப் பார்த்தார். சுரம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. சிறிது நேரம் விட்டு மறுபடி முயன்றார், அப்போதும் அதேதான். கோளறு பதிகம் தாழ்ந்த ராகம்தானே, பாடிவிடலாமே என்றேன். தம்பி தலையாட்டினார்: "அக்கா பாடிடுவாங்க. அடுத்த வெள்ளிக்கு கேதாரகௌளை வராது."

சனிக்குப் பழைய பதிவு ஒன்றை மறுபடி போடுவதென்று முடிவாயிற்று. தாளில் கோளறு பதிகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அடுத்த வாரப் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொண்டார்கள். அக்கா வெறும் கையசைவில் பசியாறக் கூப்பிட்டார்.