அரக்கு வைக்கும் முன்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மையத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளராகப் போகிறவர் தன் பள்ளியில் அந்த வேலையைச் செய்வதில்லை. வேறொரு பள்ளிக்குத்தான் போகவேண்டும். துறை அலுவலரும் வேறு பள்ளிக்காரர், அறைக் கண்காணிப்பாளர்களும் பல பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பீரோ சாவி எங்கே, மெழுகுவத்தி எங்கே, எந்த அறையில் மின்விசிறி ஓடாது என்று அந்த இடத்தைத் தெரிந்த ஒருவரைக் கேட்டுக் கேட்டுத்தான் முதல் நாள் போகும். அதனால் எல்லோரும் ஒரு பொருட்பட்டியலோடு போவோம். நானும் அப்படித்தான் போனேன். விடைத்தாள், முகப்புத்தாள், வருகைப்பதிவுத் தாள், உறைகள், காடாத்துணி, கோணி ஊசி, நூல், அரக்கு, முத்திரை என்று வரிசையாக எழுதி, வந்து சேர்ந்ததற்கெல்லாம் டிக் அடித்தேன்.

சில ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தபின் அந்தப் பட்டியலை வேறு விதமாக எழுதத் தொடங்கினேன். பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் எளிது. இல்லாவிட்டால் கடையில் வாங்கலாம், பக்கத்து மையத்தில் கேட்கலாம். தேர்வு மையத்தில் வினையாகும் விஷயம் வேறு: ஒரு மாணவரின் பதிவெண் முகப்புத்தாளிலும், வருகைத் தாளிலும், கட்டுக்குள் போகும் விடைத்தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்பது. மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் அரக்கைக் கையில் எடுக்கவேண்டும்.

தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன்பே முகப்புத்தாள் வந்துவிடும். அதில் மாணவரின் பெயர், பதிவெண், புகைப்படம், பாடம், தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். அதை வெற்று விடைத்தாளின் மேல் வைத்துத் தையல் இயந்திரத்தில் தைக்கவேண்டும். தைக்கிறவர் கணக்கில் எல்லாமே ஒரே தாள்தான். தமிழுக்கான முகப்புத்தாளும் கணக்குக்கான முகப்புத்தாளும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஒரு பாடம் தைத்து முடித்து, எண்ணி, அறைவாரியாகக் கட்டி, பீரோவில் வைத்த பிறகுதான் அடுத்த பாடத்தை மேஜைக்குக் கொண்டுவர விடுவேன். இதனால் வேலை ஒரு நாள் கூடும். கூடினால் கூடட்டும்.

அறைவாரியாகக் கட்டும்போது விடைத்தாள்களின் வரிசையும் வருகைத் தாளின் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் 2023 பிப்ரவரி 25-ஐச் சொல்வேன். அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 முதன்மைத் தேர்வு. விடைப் புத்தகத்தில் பதிவெண் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. வருகைப் பதிவேட்டில் பதிவெண்கள் இருந்த வரிசை வேறாக இருந்ததால், காலைத் தேர்வு பல மையங்களில் தாமதமாகத் தொடங்கியது. பிற்பகல் தேர்வையும் தள்ளவேண்டியிருந்தது. இரண்டு காகிதங்கள் ஒரே வரிசையில் இல்லை, அவ்வளவுதான்.

இனி வருகைத் தாள். இதில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

பத்து மணிக்கு வினாத்தாள் உறையை அறையிலேயே, இரண்டு மாணவர்களின் கையெழுத்தோடு பிரிக்கிறோம். பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, ஐந்து நிமிடம் முகப்புத்தாளில் உள்ள விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட. 10.15-க்கு எழுதத் தொடங்கிவிடுவார்கள். அறைக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு மேஜையாகப் போய், முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டு, வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவார். வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதவேண்டும். அதை எப்போது எழுதுவது என்பது முக்கியம். தாமதமாக வருபவரை உள்ளே விடும் நேரம் முடிவதற்குமுன் எழுதிவிட்டால், பேருந்து கிடைக்காமல் ஓடிவரும் பிள்ளைக்காக அடித்துத் திருத்தவேண்டி வரும். அடித்துத் திருத்திய வருகைத் தாள் பிறகு யார் பார்வைக்குப் போனாலும் கேள்வி எழும். நேரம் முடியட்டும், பிறகு சிவப்பு மையைத் திறக்கலாம் என்று அறைக்கு அறை சொல்லிவிடுவேன்.

ஒரு சமூக அறிவியல் தேர்வு. மையத்தில் 200 பேர், 10 அறை, அறைக்கு 20 பேர். அன்று வராதவர் 7 பேர். ஆகவே கட்டில் 193 விடைத்தாள் இருக்கவேண்டும். சமூக அறிவியல் என்றால் வரைபடமும் உண்டு. அது விடைத்தாளோடு சேர்ந்து கட்டப்பட்டிருக்கிறதா என்று தனியே பார்க்கவேண்டும். அந்த நாளில் எல்லோர் கவனமும் வரைபடத்தின் மேல்தான். 1.15-க்கு மணி அடித்து, பத்து அறையிலிருந்தும் கட்டுகள் தலைமை அறைக்கு வந்தன. எண்ணினோம். 193. துறை அலுவலர் மெழுகுவத்தியை ஏற்றப்போனார்.

“சார், எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. தைச்சிடலாமா?”

“இருங்க சார். பதிவெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துடலாம்.”

வெளியே வழித்தட அலுவலரின் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அவசரம், எல்லோருக்கும் பசி. ஆனாலும் துறை அலுவலர் வருகைத் தாளைப் பார்த்து எண்ணைக் கூப்பிட, நான் விடைத்தாளைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஐந்து அறைகள் முடிந்தன. ஆறாவது அறையில் அவர் “நாற்பத்தொன்று” என்றார். என் கையில் இருந்தது நாற்பத்திரண்டு. 41 இல்லை. தொடர்ந்து போனோம். “நாற்பத்தேழு வரலை, சிவப்பு” என்றார். என் கையில் 47 இருந்தது.

அந்தத் தாளின் முகப்பைப் பார்த்தேன். மாணவர் கையெழுத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது. அறைக் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் இல்லை. உள்ளே ஒரு வரி கிடையாது. வராத பிள்ளையின் வெற்று விடைத்தாள் எழுதிய கட்டுக்குள் இருந்தது. அப்படியானால் வந்து மூன்று மணி நேரம் எழுதிய 41 எங்கே? வராதவர்களுக்காகத் தனியே ஒதுக்கிய ஏழு விடைத்தாள்களில் அது இருந்தது. முழுக்க எழுதி, வரைபடத்தோடு சேர்த்துக் கட்டி, ஒழுங்காகக் கையெழுத்திட்ட விடைத்தாள்.

எப்படி நடந்தது என்பதை அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த அறையின் டீச்சர் தன் பணியைச் சரியாகத்தான் செய்திருந்தார். சிவப்பில் குறித்தது சரி, கையெழுத்து வாங்கியதும் சரி. வராத இருவரின் விடைத்தாள்களை மட்டும் அந்தந்த இருக்கையிலேயே விட்டிருந்தார். கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாகச் சேகரித்ததால் அவையும் அடுக்கில் சேர்ந்துவிட்டன. தலைமை அறையில் உதவிக்கு இருந்தவர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து அந்த இரண்டையும் பிரித்தெடுத்தார். சீட்டில் டீச்சர் கையால் எழுதியிருந்த 7, குறுக்குக் கோடு இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து, 1 போலத் தெரிந்தது. 47-க்குப் பதில் 41-ஐ எடுத்துவிட்டார். இருபதில் இரண்டு போனால் பதினெட்டு. எந்த இரண்டு போனாலும் பதினெட்டுதான். அதனால்தான் மொத்தம் 193 என்று அழகாக வந்தது.

அப்படியே தைத்து அனுப்பியிருந்தால், வராத மாணவர் பெயரில் ஒரு வெற்றுத் தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருக்கும். வந்த மாணவரின் தாள் வராதவர் கட்டில் பூட்டிக் கிடந்திருக்கும். வருகைத் தாளில் கையெழுத்து இருக்கிறது, விடைத்தாள் இல்லை என்று என்றைக்கோ ஒரு நாள் தெரியவரும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் போய் என்ன சொல்வது? எனக்கு இன்றும் அந்த நினைப்பு வந்தால் வயிறு கலங்கும்.

அதற்குப் பிறகு என் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது. வராதவரைச் சிவப்பில் குறித்த அதே நேரத்தில் அவர்களுடைய விடைத்தாள் அறையை விட்டு வெளியேறவேண்டும். ஒருவர் ஒவ்வோர் அறைக்கும் போய், வருகைத் தாளையும் வெற்று விடைத்தாளையும் பக்கத்தில் வைத்து, அச்செழுத்தை அச்செழுத்தோடு ஒப்பிட்டு, எடுத்து வருவார். துண்டுச் சீட்டே கிடையாது. கையால் எழுதிய எண்ணைப் பார்த்து எதையும் பிரிக்கக்கூடாது. மணி அடிக்கும்போது அறையில் எழுதிய விடைத்தாளைத் தவிர வேறு விடைத்தாளே இருக்கக்கூடாது. அப்போது சேகரிக்கிறவர் எதை எடுத்தாலும் சரியானதைத்தான் எடுப்பார்.

எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கும் வேலை அப்படியும் நிற்கக்கூடாது. ஒருவர் கூப்பிட, இன்னொருவர் திருப்ப, ஒவ்வொன்றிலும் மாணவர் கையெழுத்துக் கட்டத்தைக் கண் தொட்டுவிட்டுப் போகவேண்டும். பழகிவிட்டால் ஒரு அறைக்கு ஓரிரு நிமிடம்தான். அடுக்கின் விளிம்பைத் தடவினாலும் தெரியும். மூன்று மணி நேரம் எழுதிய தாள் உப்பியிருக்கும், எழுதாத தாள் விறைப்பாக ஒட்டிக்கிடக்கும். ஆனால் விரலை நம்பி விடமுடியாது, கட்டத்தைப் பார்க்கவேண்டும்.

பிறகுதான் அரக்கு. இதில் பலரும் அவசரப்படுகிறார்கள். அரக்குக் கட்டியைத் தீயிலேயே பிடித்தால் எரிந்து கருகிப் பொடியாகும். அப்படி வைத்த முத்திரை வண்டி குலுக்கலில் உதிர்ந்துவிடும். தீ நாக்குக்குச் சற்று மேலே பிடித்தால் உருகிச் சொட்டும். தைத்த துணியில் நூலின் முடிச்சு மீதும், தையல் கோட்டின் இரு பக்கத் துணி மீதும் ஒரே சொட்டாகப் படரவேண்டும். முடிச்சை விட்டுப் பக்கத்தில் வைத்த முத்திரையால் பயனில்லை. நூலை மெல்ல இழுத்துப் பார்த்தால் அடியில் நகரும். நகர்ந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைப்பேன். பித்தளை முத்திரையை முதலில் ஈரத்துணியில் ஒற்றிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் அரக்கு அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அரக்கு மினுமினுப்பு மங்கிய அந்தச் சில நொடிகளில் அழுத்தவேண்டும். முந்தினால் எழுத்து கரைந்துவிடும், பிந்தினால் பதியவே பதியாது. எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று துறை அலுவலரிடம் காட்டுவேன். அந்த நேரம் மின்விசிறியை அணைக்கச் சொல்வதும் என் பட்டியலில் இருக்கிறது.

கட்டு வழித்தட அலுவலரிடம் போனதும் ஒப்புகைக் கையெழுத்து வாங்கி, வராதவர்களின் விடைத்தாள்களைத் தனி உறையில் போட்டுப் பதிவெண்ணை உறைமேல் எழுதி, முத்திரையையும் மிச்ச அரக்கையும் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். சாவி என்னிடம் இருக்கும். அதன் பிறகும் வீட்டுக்குக் கிளம்பமாட்டேன். அடுத்த தேர்வுக்கான பத்து அறைக் கட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒவ்வொன்றின் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் பாடமும் தேதியும் பார்த்து, இருபது இருக்கிறதா என்று எண்ணுவேன். ஏதாவது ஒன்றில் முகப்புத்தாள் மாறித் தைக்கப்பட்டிருந்தால், தையல்காரர் ஊரில் இருக்கும்போதே, வெளிச்சம் இருக்கும்போதே பிரித்துத் தைத்துவிடலாம். காலை ஒன்பது மணிக்குத் தெரிந்தால் அதைச் சரிசெய்ய நேரமிருக்காது.