பத்து சதவீதக் கணக்கு

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட வீடு கட்டும் ஓனர்களுக்கு டைல்ஸ் மேஸ்திரி மீது எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. "கடைக்காரர் 9 பாக்ஸ் போதும்னார், நீங்க 11 கேக்கறீங்களே?" வேலையை மகனிடம் விட்டுவிட்டு ஓயப்போகும் மேஸ்திரி ஒருவருக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று குத்துகிறது. கேட்டவர் வாயால் சொல்லாத மிச்சமும் அவருக்குப் புரிகிறது.

கடைக்காரர் கணக்கு தப்பில்லை. அறையின் சதுர அடியை டைல்ஸின் சதுர அடியால் வகுத்து, உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்து சதவீதம் கூட்டுகிறார். ஆனால் சதுர அடிக்கு எந்தச் சுவரில் என்ன துண்டு விழும் என்று தெரியாது.

பூச்சு முடிந்தபின் 10 அடி 2 அங்குலத்துக்கு 12 அடி 2 அங்குலம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நாம் 2-க்கு 2 என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர்தான். இரண்டு அடிக்குக் கால் அங்குலத்துக்கு மேல் குறைவு. பரப்பளவுப்படி 32 டைல்ஸ், பத்து சதவீதம் சேர்த்தால் 36. பாக்ஸுக்கு 4 வீதம் 9 பாக்ஸ்.

இனி நூல் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6 முழு டைல்ஸும் இடையில் விடும் இடைவெளியும் போக, இரண்டு பக்கமும் மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் மிச்சம். அந்தப் பட்டையைக் கட்டில் மறைக்கும் சுவரோரம் தள்ளலாம். 9 பாக்ஸ் போதும். ஆனால் சுவர் மூலைமட்டத்தில் இல்லாமல் ஒரு அங்குலம் ஓடியிருந்தால், மூன்றரை அங்குலப் பட்டை இரண்டரையாகக் குறுகி ஆப்பு மாதிரி நிற்கும். நம் ஊரில் எந்தச் சுவர் மட்டமாக நிற்கிறது?

மேஸ்திரிக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் இந்தப் பட்டைக்கு ஒப்பவே மாட்டார். பசை தொடும் முன் இரண்டு வரிசையை வெறுமனே பரப்பச் சொல்வார். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழு டைல்ஸைக் குறைத்து, அறையின் நடுவிலிருந்து ஓட்டினால் நான்கு சுவரோரமும் பதின்மூன்றரை அங்குலத் துண்டு விழும். சுவர் ஓடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பாதி டைல்ஸைவிடப் பெரியது. ஒரு டைல்ஸில் ஒரு துண்டுதான் வரும். அதனால் அகலத்துக்கு 6, நீளத்துக்கு 7, ஆக 42. உடைசலுக்கு இரண்டு சேர்த்தால் 11 பாக்ஸ்.

வெட்டி மிஞ்சும் பத்து அங்குலம் வீணில்லை. அதில் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் இரண்டு எடுக்கலாம். அறையைச் சுற்றிக் கதவு போக 21 துண்டு வேண்டும், மிச்சத்திலேயே முடிந்துவிடும். 9 பாக்ஸ் கணக்கில் ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக 4, 5 டைல்ஸ் வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

இப்போதைய பையன்கள் பரப்பிப் பார்ப்பதில்லை என்பது மேஸ்திரியின் குறை. போனில் அறை அளவைத் தட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். குறைந்தால் ஓடிப்போய் இரண்டு பாக்ஸ் வாங்குகிறார்கள். பாக்ஸ் மேல் அச்சடித்த ஷேட் எண்ணையும் பார்ப்பதில்லை. அதே டிசைன்தான், ஆனால் வேறு லாட். பதித்துத் துடைத்ததும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. அப்போதும் ஓனர் கூப்பிடுவது மேஸ்திரியைத்தான்.