நாலாயிரம் மணி நேரம் உண்டியல் அல்ல

நான் வானொலியில் இருப்பதால், யூடியூப் சேனல் தொடங்கும் இளையோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “எத்தனை மாசத்துல காசு வரும், அக்கா?”

விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடைசி 12 மாதங்களில் மக்கள் 4,000 மணி நேரம் உங்கள் காணொளிகளைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் வந்திருக்க வேண்டும். 500 சந்தாதாரர்களோடு நுழையும் வழியும் உண்டு. ஆனால் அதில் ரசிகர்கள் தரும் பணம் போன்ற சில வழிகளே உண்டு. விளம்பரப் பங்கு கிடையாது.

என் சித்தி மகன் சமையல் சேனல் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதைச் செய்யலாமா என்று யோசித்தான். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாரம் ஒன்றாக 26 காணொளிகள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 பார்வைகள். ஒருவர் சராசரியாகப் பார்ப்பது 3 நிமிடம். மொத்தம் 390 மணி நேரம். அவனுடைய ஷார்ட்ஸ் ஒன்றை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதனால் சந்தாதாரர்கள் கூடினார்கள். ஆனால் ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது.

“அப்போ மெதுவா சேர்ந்துடும்தானே, அக்கா?” என்றான். அங்கேதான் சிக்கல். இது காசு போட்டுக்கொண்டே இருக்கும் உண்டியல் அல்ல. 12 மாதம் தாண்டிய மணி நேரம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். காணொளியை நீக்கினாலோ, பொதுப் பார்வையிலிருந்து மறைத்தாலோ அதன் மணி நேரமும் போய்விடும். இதே வேகத்தில் போனால் வருடத்துக்கு 780 மணி. பத்து வருடமானாலும் அதே 780 தான்.

எனவே கேட்க வேண்டியது எத்தனை மாதம் என்பதல்ல, என்ன வேகம் என்பதுதான். ஷார்ட்ஸைத் தவிர்த்து, கடைசி 28 நாள்களின் பார்வை நேரத்தைப் பாருங்கள். அது 307 மணியாக இருந்து அப்படியே நீடித்தால் ஒரு வருடத்தில் 4,000 வரும். 600 என்றால் ஆறேழு மாதம். அவனுக்கு வந்தது 60. ஐந்து மடங்கு கூடினால்தான் ஒரு வருடக் கணக்கே தொடங்கும். தீபாவளி முறுக்கு போல ஆண்டுதோறும் மக்கள் தேடிவரும் காணொளிகள் இதற்கு உதவும். காணொளி பழையதானாலும், இந்த 12 மாதத்தில் பார்க்கப்பட்ட நேரம் கணக்கில் சேரும்.

தகுதி எட்டிய பிறகும் சேனலைப் பரிசீலிக்கச் சுமார் ஒரு மாதம் ஆகலாம். அதன் பிறகு கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். இப்போதைக்கு அவன் வேலையை விடவில்லை. மாதாமாதம் அந்த 28 நாள் எண்ணை மட்டும் குறித்து வைக்கிறான்.