அப்பாவின் ஆட்டோவும் ஆறு லட்சமும்

எங்க வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை வாசிக்கிறது என் வேலை. கரண்ட் பில், பேங்க் கடிதம், அதோட வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆட்டோ இன்சூரன்ஸ் தாள். கம்பஸ் லீவில் வரும்போது அப்பா அதை நீட்டி, "என்னா போட்டிருக்கு, பாரு புள்ள" என்பார். நான் கடைசி வரியில் இருக்கும் கட்டணத்தைப் பார்த்து, "பதினாலாயிரத்து நானூறு, போன வருசம் மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுவேன். மூன்று வருடம் இப்படித்தான் வாசித்தேன்.

2024 ஐப்பசி மழையில், டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் வழியில் ஒரு வளைவில் ஆட்டோ வழுக்கி மதிலில் மோதியது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆட்டோவின் முன்பக்கம் நசுங்கிவிட்டது. அசெசர் வந்து படம் எடுத்தார். கராஜில் தொண்ணூறாயிரம் ரூபா எஸ்டிமேட் கொடுத்தார்கள். "புல் இன்சூரன்ஸ்தானே, பயமில்ல" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கைக்கு வந்தது நாற்பதாயிரம்.

ஏமாத்திட்டாங்க என்றுதான் முதலில் நினைத்தோம். அன்றைக்கு ராத்திரி அந்தத் தாளை விரித்து வைத்து மேலிருந்து கீழே முழுசாக வாசித்தேன். யாரும் ஏமாற்றவில்லை. எல்லாமே அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

முதல் வரி 'சம் இன்ஷுவர்ட்', அதாவது காப்புறுதி செய்த பெறுமதி. ஆறு லட்சம் என்று இருந்தது. 2018இல் அப்பா ஆட்டோ வாங்கிய விலை அது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபாயும் விழுந்தது. பழைய வண்டிகளின் விலை இறங்காமல் ஏறியது. எங்க ஆட்டோவை விற்றால் பன்னிரண்டு லட்சம் கிடைக்கும் என்பது ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். தாளுக்கு மட்டும் தெரியாது. வருடா வருடம் அதே ஆறு லட்சத்தையே புதுப்பித்திருந்தோம்.

'வண்டி முழுசா போனாத்தானே ஆறு லட்சம் பிரச்சினை, சின்ன ரிப்பேருக்கு என்ன?' என்று நானும் நினைத்தேன். எங்கள் பாலிசியில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சந்தை விலைக்குக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால், எந்த நட்டத்தையும் அதே விகிதத்தில்தான் தருவார்கள். வண்டியின் பாதிப் பெறுமதிக்குத்தான் நாங்கள் பணம் கட்டியிருந்தோம், அதனால் தொண்ணூறாயிரத்தில் பாதி, நாற்பத்தைந்தாயிரம். மீதிப் பாதிக்கு நாங்களே இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி.

இதைக் கேட்டுவிட்டு அப்பா, "அப்ப இருபது லட்சம்னு போட்டிருக்கலாமே" என்றார். அதிலும் பிரயோசனமில்லை. வண்டி முழுதாக அழிந்தாலும் விபத்துக்கு முந்தின நாளில் அதற்கு என்ன விலையோ அதற்கு மேல் தரமாட்டார்கள். கூடப்போட்டால் கூடக் கட்டணம் கட்டுவது மட்டும்தான் மிச்சம்.

அடுத்த வரி 'எக்ஸஸ்', ஐயாயிரம். ஒவ்வொரு விபத்திலும் முதல் ஐயாயிரம் நம் பொறுப்பு என்று அர்த்தம். நாற்பத்தைந்தில் ஐந்து போனால் நாற்பது. கணக்கு முடிந்தது.

ஆனால் நட்டம் அங்கே முடியவில்லை. அதற்கடுத்த வரி 'நோ கிளெய்ம் போனஸ்', 40 சதவீதம். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகக் கட்டணத்தில் தரும் கழிவு அது. எங்கள் முழுக் கட்டணம் இருபத்திநாலாயிரம். கழிவு ஒன்பதாயிரத்து அறுநூறு போகத்தான் அந்தப் பதினாலாயிரத்து நானூறு. ஒருமுறை கிளெய்ம் எடுத்ததும் கழிவு பூச்சியத்துக்கு வந்துவிட்டது. பழையபடி நாற்பதுக்கு ஏற இன்னும் சில வருடம் விபத்தில்லாமல் ஓட வேண்டும்.

பக்கத்து லயத்து அண்ணாவுக்கு நடந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் அதே கட்டணம், அதே கழிவு, அதே எக்ஸஸ். பெறுமதி மட்டும் சரியாகப் போட்டிருந்தார். பன்னிரண்டாயிரம் ரூபா சேதத்துக்குக் கிளெய்ம் எடுத்து, எக்ஸஸ் போக ஏழாயிரம் வாங்கினார். அடுத்த வருடம் ஒன்பதாயிரத்து அறுநூறு கூடக் கட்டினார். ஏழாயிரம் கிடைத்தது என்று டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். உண்மையில் முதல் வருடத்திலேயே இரண்டாயிரத்து அறுநூறு நட்டம். நாங்களும்தான் அந்த டீயைக் குடித்தோம்.

கடைசியாக மேலதிகக் காப்புகளின் பட்டியல். நேராகச் சேராத, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் விஷயங்கள் இவை. எங்கள் தாளில் வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்களுக்கு 'ஆம்' என்றிருந்தது. நல்லவேளை, எங்க ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரியாத வருடமே இல்லை. வண்டியை இழுத்துச் செல்லும் செலவுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு வரை. வேலைநிறுத்தம், கலவரம் என்ற வரிக்கு நேரே 'இல்லை'. சம்பளப் போராட்டம் நடக்கும்போது ரோட்டை மறிப்பதும் டயர் எரிப்பதும் எங்க பக்கம் புதுசில்லை. அந்த நேரம் ஆட்டோவில் ஒரு கல் விழுந்தால், 'புல் இன்சூரன்ஸ்' என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 2022 மே 9ஆம் திகதி எரிந்த வண்டிகளை எல்லாரும் டீவியில் பார்த்தோம். நம் தாளில் அந்த வரி இருக்கா என்று நான் அப்போதும் பார்க்கவில்லை.

புதுப்பிக்கும் நேரம் வந்தது. பன்னிரண்டு லட்சத்துக்குப் போட்டால் கட்டணம் முப்பத்தாறாயிரம் என்றார் ஏஜென்ட். கழிவும் இல்லை. அப்பா பேசாமல் இருந்தார். "பழைய மாதிரியே போட்டுருவோமா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஹயர் குறைவான மாதத்தில் பன்னிரண்டாயிரம் என்பது எங்க வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

அப்போது எக்ஸஸ் வரிக்குத் திரும்பப் போனேன். அண்ணாவின் கதையை வைத்துப் பார்த்தால், கழிவு ஏறிய பிறகு பதினையாயிரத்துக்குக் குறைந்த சேதத்துக்குக் கிளெய்ம் எடுப்பதில் லாபமே இல்லை. எடுக்கப்போகாத கிளெய்முக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்? "நாங்களே விரும்பி எக்ஸஸை பதினையாயிரமாக்கினா கட்டணம் குறையுமா?" என்று கேட்டேன். ஏஜென்ட் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கணக்குப் போட்டு, முப்பத்தோராயிரம் என்றார். அதில் ஒரு சின்னத் தொகை கூட்டி கலவரக் காப்பையும் சேர்த்தோம். சின்னக் கீறல் எல்லாம் இனி நம் தலையில்தான், வண்டி உருண்டால் மட்டும் அவர்கள் பொறுப்பு. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அதுதானே வேணும். கீறலுக்கு நான் பயப்படலையே" என்றார்.

எல்லாருக்கும் இந்தத் தீர்வு சரிவராது. அவசரத்துக்குப் பதினையாயிரம் புரட்ட முடியாத வீட்டுக்கு பெரிய எக்ஸஸ் ஆபத்து. எங்களுக்கு ஒரு சீட்டுப் பணம் இருந்தது, அதனால் துணிந்தோம்.

புதுத் தாள் வந்தபோது கடைசி வரியிலிருந்து தொடங்காமல் மேலிருந்து வாசித்தேன், ஒவ்வொரு வரியாக, தமிழில், அப்பா கேட்க. பெறுமதி வரியில் அப்பா நிறுத்தினார். "அடுத்த வருசமும் இதே பன்னெண்டுன்னு போட்டு அனுப்புவாங்களா?"

"நாம கேட்டாத்தான் மாத்துவாங்க."

அப்பா காலண்டரை எடுத்து, புதுப்பிக்கும் மாதத்துக்கு முந்தின மாதத்தில் ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் எழுதியது: 'ஸ்டாண்டில் விலை கேட்கணும்'.