காக்கைகளின் மாலைச் சந்திப்பு

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர் பாகாலா. தர்மாவரம் செல்லும் பாதை இங்கிருந்து பிரிவதால் இது ஒரு சந்திப்பு நிலையம். மக்கள் கூடி உண்ணும் இடங்களில் காக்கைகளுக்குக் குறைவில்லை. தமிழர் காக்கை என்றும் தெலுங்கர் காகி என்றும் அழைக்கும் இப்பறவை, பகற்பொழுதில் தனியாகவோ சிறு கூட்டமாகவோ இரை தேடும். கதிரவன் மேற்கே சாயத் தொடங்கியதும் அதன் போக்கு மாறிவிடும்.

அப்போது பல திசைகளிலிருந்தும் காக்கைகள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் நோக்கிப் பறக்கும். அவை நேரே உறங்கும் மரத்திற்குச் செல்வதில்லை. முதலில் ஒரு வெளியிலோ வீட்டுக் கூரைகளிலோ கூடி அமர்ந்து, இருள் சூழும் வேளையில் ஒன்றாக எழுந்து மரங்களை அடையும். பின்னர்க் கிளைகளில் இடம் பிடிக்கப் பெரும் பூசல் நிகழும். மேலே அமர்ந்தவற்றின் எச்சம் கீழே இருப்பவற்றின் இறகில் விழும். அழுக்கேறிய இறகு குளிரையும் மழையையும் நன்கு தடுக்காது. ஆதலால் அந்தப் பூசல் வெறும் கூச்சலன்று.

இவ்வளவு இடர்ப்பாடு இருந்தும், ஆயிரக்கணக்கான காக்கைகள் ஓரிடத்தில் ஏன் உறங்குகின்றன? முதல் விடை, பாதுகாப்பு. இரவில் இரை தேடும் பெரிய ஆந்தைகள் காக்கையையும் கொல்லும். தனித்து உறங்கும் காக்கையைவிடக் கூட்டத்தின் நடுவே உறங்குவது பகைக்கு இரையாகும் வாய்ப்புக் குறைவு. ஆபத்தை ஒன்று உணர்ந்தாலும் அனைத்தும் விழித்துக்கொள்ளும். காக்கையோடு மைனாவும் கிளியும் ஒரே மரத்தில் உறங்குவதுண்டு. இவற்றின் உணவு வேறு வேறு. எனவே இக்கூட்டுறக்கத்தில் பாதுகாப்பிற்குப் பங்குண்டு என்று கருதுவது பொருந்தும்.

இரண்டாம் விடை வியப்பூட்டுவது. பீட்டர் வார்டு, அமோட்ஸ் சகாவி என்னும் அறிஞர் இருவர், பறவைகள் உறங்கும் இடம் செய்தி நிலையமாகவும் பயன்படலாம் என்று 1973ஆம் ஆண்டில் எழுதினர். முதல்நாள் நல்ல இரை கண்ட பறவை, மறுநாள் விடியலில் தயங்காமல் அவ்விடம் நோக்கிப் பறக்கும். இரை கிடைக்காத பறவைகள் அதனைப் பின்தொடர்ந்தால் அவற்றிற்கும் உணவு கிடைக்கும். இங்கே பேச்சு எதுவும் தேவையில்லை. யார் எத்திசையில் உறுதியாகப் பறக்கிறார் என்று கவனித்தலே போதும்.

கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆனால் மெய்ப்பிப்பது எளிதன்று. எந்தக் காக்கை எங்கே உண்டது என்பதை எப்படி அறிவது? காக்கையின் உறவினமான ரேவன் என்னும் பெரிய கரும்பறவையை ஆராய்ந்தவர்கள் அதற்கொரு வழி கண்டனர். பிரிட்டனைச் சேர்ந்த வேல்சு நாட்டின் ஆங்கில்சீ தீவில், வெவ்வேறு இடங்களில் இறந்த விலங்குகளின் உடல்களை வைத்து, அவற்றில் வண்ணப் பிளாஸ்டிக் மணிகளைக் கலந்தனர். ஓரிடத்திற்கு ஒரு நிறம். இறைச்சியோடு மணியையும் விழுங்கிய பறவை, செரிக்காத எலும்பு, மயிர் முதலியவற்றுடன் அதனை உருண்டையாகக் கக்கிவிடும். உறங்கும் மரங்களின் அடியில் அவ்வுருண்டைகளைத் தேடினால், எந்தப் பறவை எங்கே உண்டது என்பது தெரிந்துவிடுமன்றோ!

ஒரே நிற மணிகள் மரங்களின் அடியெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. ஓரிடத்தில் நெருங்கிக் கிடந்தன. அதாவது, ஒரே உணவை உண்ட பறவைகள் இரவில் அருகருகே உறங்கின. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு, உறங்கும் இடத்தில் உணவுச் செய்தி பரவுகிறது என்பதற்கு வலுவான சான்றாகும்.

உணவைக் கண்ட பறவை ஏன் தனியாகவே உண்டுவிடக் கூடாது? காக்கை தன் இனத்தை அழைத்து உண்ணும் இயல்பைத் திருவள்ளுவரும் குறளில் எடுத்துக்காட்டியுள்ளார். அதனை ஈகை என்றே நாம் கொள்கிறோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் ரேவன்களை ஆராய்ந்த பெர்ன்ட் ஹைன்ரிக் மற்றொரு காரணத்தையும் கண்டார். அங்கே வளர்ந்த இணை ஒன்று தன் எல்லைக்குள் கிடக்கும் இரையைக் காத்து நின்று, தனியே வரும் இளம்பறவையைத் துரத்திவிடும். இளம்பறவைகள் கூட்டமாக வந்தாலோ அந்த இணையால் தடுக்க இயலாது. ஆகவே பிறரை அழைத்தால்தான் தனக்கும் ஒரு வாய் கிடைக்கும்! பெரிய விலங்கின் உடலை ஒரு பறவை தனியாக உண்டு தீர்க்கவும் முடியாது.

நம் ஊர்க் காக்கையின் நிலை சற்று வேறு. குப்பைமேடும் சந்தையும் நாள்தோறும் அதே இடத்தில் இருப்பதால், அங்கே செல்ல வழிகாட்டி தேவையில்லை. வயலில் உழவு நடக்கும் நாளும், ஈசல் கிளம்பும் பொழுதும், ஏரி வற்றி மீன் துள்ளும் நேரமும் அப்படியல்ல. அவை இன்று இருக்கும், நாளை இரா. அத்தகைய நாள்களில்தான் பிறரைப் பின்தொடர்வது பயன்தரும். விடியற்காலையில் உறங்கிய மரத்தைவிட்டுக் காக்கைகள் புறப்படும்போது எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிவதால், எது முன்செல்கிறது, எது பின்தொடர்கிறது என்று கண்ணால் மட்டும் பிரித்தறிய இயலாது. அதனாலேயே பறவை ஆய்வாளர்கள் சில பறவைகளைப் பிடித்து, காலில் வண்ண வளையம் பூட்டிப் பறக்கவிட்டு, மறுநாள் காலையில் மரத்தடியில் காத்திருக்கின்றனர்.