முதலில் சொல்லும் தொகை

"தோராயமா ஒரு தொகை சொல்லுங்க சார், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." மென்பொருள் தொழிலில் இந்த வார்த்தை உங்கள் காதிலும் விழும், பிள்ளைகளே. என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், எத்தனை பேர் செய்வார்கள் என்று எதுவும் தெரியாது. ஆனாலும் தொகை வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் நிபந்தனைகளை வாடிக்கையாளர் மறந்துவிடுவார், தொகையை மறக்கமாட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் எங்களிடம் "ஆர்டர் எடுக்க ஒரு ஆப்" கேட்டார். அன்று நாங்கள் தொகை சொல்லவில்லை, கேள்விகள்தான் கேட்டோம். ஆர்டரை யார் போடுவார், கடைக்காரரா விற்பனையாளரா? ஜிஎஸ்டி பில் இதிலேயே வர வேண்டுமா? பழைய கணக்கு எங்கே இருக்கிறது? பதில் கிடைக்காத இடத்தில் நாங்களே ஒரு அனுமானத்தை எழுதி வைத்தோம்: "விற்பனையாளர் மட்டும், கிடங்கு ஒன்று, ஆண்ட்ராய்டு மட்டும்." எழுதிய அனுமானத்தை வாடிக்கையாளரால் திருத்த முடியும். மனதில் வைத்திருப்பது பின்னால் தகராறாகத்தான் வெளியே வரும்.

பிறகு பணத்தை விட்டுவிட்டு, ஓர் ஆள் ஒரு வாரம் செய்யும் வேலையை அலகாக வைத்து எண்ணினோம். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று எண்கள். பழைய கணக்கை மாற்றும் வேலையைப் பாருங்கள்: எல்லாம் ஒழுங்காக இருந்தால் 1 வாரம், வழக்கமாக 2, ஒரே துணி நான்கு பெயரில் பதிவாகியிருந்தால் 9. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 3 வாரம். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை இது. விடையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த 9 தான். சந்தேகம் எங்கே குவிந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாப் பகுதிகளையும் சேர்த்தபோது 12 முதல் 30 ஆள்-வாரம் வந்தது. ஓர் ஆள்-வாரத்துக்கு 40,000 ரூபாய் என்று வைத்தால் 4.8 லட்சம் முதல் 12 லட்சம் வரை. "இது என்ன கணக்கு?" என்று அவர் முகம் சுளித்தார். நியாயந்தான். ஆனால் வேலை தெளிவாகாத நிலையில் ஒற்றை எண் சொல்வதுதான் பொய்க்கணக்கு.

"அஞ்சு பேரைப் போட்டு ஆறே வாரத்துல முடிங்க" என்றார் அடுத்து. இரண்டு பேருக்கு நடுவே பேச்சுக்கு ஒரு வழி. ஐந்து பேருக்கு நடுவே பத்து வழி. 30 ஆள்-வாரத்தை ஐந்தால் வகுத்து 6 என்று எழுதுவது காகிதத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அதனால் மொத்த வேலைக்கு விலை பேசாமல், ஆய்வுக்கென்று இரண்டு வாரத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்டோம், யோசித்துச் சம்மதித்தார். கிடங்கு ஒன்றல்ல, மூன்று என்பது அவர் இடத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கணக்கு 22 முதல் 27 ஆள்-வாரமாகச் சுருங்கியது. கீழ்த்தொகை கூடியது, மேல்தொகை குறைந்தது. பகுதிகளின் பட்டியலைக் கையில் வாங்கிய வியாபாரி, திரும்பி வரும் சரக்குக்கான பகுதியைத் தானே அடித்துவிட்டு, "இதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.