ராத்திரி ஒரு மணி நேரம்தான் இருக்கு: கதை கேம் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன்

1/ கிளினிக் மூடி, சாப்பிட்டு, பையனைத் தூங்க வைக்க ஒன்பதரை ஆயிடும். பத்தரைக்குப் படுத்தாகணும், காலையில ஓபி. அந்த ஒரு மணி நேரத்துல கதை உள்ள கேம் விளையாடணும்னு ஆசை. ரெண்டு வருஷம் தப்புத் தப்பா வாங்கினேன். இப்போ ஓரளவு பிடிபட்டிருக்கு. அதைப் பத்தின த்ரெட்.

2/ முதல்ல வாங்கினது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அருமையான கதை. ஆனா ஒரு மிஷனுக்கு நடுவுல சேவ் பண்ண முடியாது. குதிரையில போய்ச் சேர்ந்து, பேசி, சண்டை ஆரம்பிக்கும்போது மணி பத்தரை. அணைச்சா நாளைக்கு அதே மிஷன் முதல்லேருந்து. அணைக்கலைன்னா தூக்கம் போச்சு. பல நாள் தூக்கம்தான் போச்சு. குறை கேம்ல இல்ல, அது வார இறுதிக்கான கேம்.

3/ அப்போ புரிஞ்சது, "மொத்தம் எத்தனை மணி நேரம்"ங்கிறது ரெண்டாவது கேள்விதான். முதல் கேள்வி: எந்த நிமிஷத்துல நிறுத்தினா எவ்வளவு இழப்பேன்? அடுத்தது: நாலு நாள் நைட் டியூட்டி முடிஞ்சு திரும்பி வந்தா, எங்கே விட்டேன்னு கேமே சொல்லுமா?

4/ முதல் கேள்விக்கு ஸ்லீப் மோட் பாதி பதில். ஸ்டீம் டெக், ஸ்விட்ச் மாதிரி பேட்டரி உள்ள கருவியில பட்டனை அழுத்தினா அப்படியே நிக்கும், நாளைக்கு அங்கிருந்தே தொடரலாம். டிவியோட இணைச்ச கன்சோல்ல கரண்ட் போனா, சேவ் ஆகாதது போயிடலாம். நம்ம ஊர் கரண்ட்டை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கேன்.

5/ ரெண்டாவது கேள்விக்கு ஸ்லீப் மோட் உதவாது. அது கேமோட ஞாபகத்தைக் காப்பாத்தும், என் ஞாபகத்தை இல்ல. வார்டுல டியூட்டி மாத்தும்போது கேஸ் ஷீட் சரியா எழுதியிருந்தா, புதுசா வர்ற டாக்டர் அஞ்சு நிமிஷத்துல நோயாளியைப் புரிஞ்சுக்குவார். கேமுக்குள்ளயும் அப்படி ஒரு கேஸ் ஷீட் இருக்கான்னு பாருங்க.

6/ நான் கண்டதுல சிறந்த கேஸ் ஷீட் 2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ். அதே வருஷம் வந்த தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் வேற கேம், பேரைப் பார்த்து வாங்குங்க. ஒரு சின்ன சூரியக் குடும்பம், ஒரு விண்கலம், அழிஞ்சுபோன ஒரு இனம் எழுதி வச்ச குறிப்புகள். 22 நிமிஷத்துக்கு ஒருமுறை காலம் திரும்ப முதல்லேருந்து ஓடும்.

7/ அந்த 22 நிமிஷம்தான் நமக்கு வரம். முதல் ராத்திரி கிராமத்துலயே போயிடும், அது பயிற்சி. அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துல ரெண்டு சுற்று நிம்மதியா முடியும். நடுவுல அணைச்சாலும் பெரிய நஷ்டமில்ல. சுற்றுதான் போகும், கண்டுபிடிச்சது கப்பலோட பதிவேட்டுல இருக்கும்.

8/ அந்தப் பதிவேடு ஒரு வரைபடம். எந்தத் துப்பு எந்த இடத்துக்குப் போகுதுன்னு கோடு போட்டுக் காட்டும். இன்னும் பார்க்க பாக்கி இருக்கிற இடத்துல குறி இருக்கும். அஞ்சு நாள் கழிச்சு வந்தப்போ, ரெண்டு நிமிஷம் அதைப் படிச்சேன், ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தேன், கிளம்பினேன். அன்னிக்கு வேற எதுவும் திட்டமிடலை.

9/ இதுக்கும் எல்லை உண்டு. எங்கே போகணும்னு அம்புக்குறி காட்டாது. விண்வெளியில மிதக்கும்போது சிலருக்குத் தலை சுத்தும், எனக்கே முதல் ரெண்டு நாள் சுத்துச்சு. மூணு ராத்திரி ஆகியும் பதிவேட்டுல அடுத்து என்னன்னு பார்க்கத் தோணலைன்னா, இது உங்க கேம் இல்ல.

10/ இதுவே பெரிசுன்னா வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் (2017). மொத்தமே ரெண்டு மணி நேரம்தான். குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் தனிக் குட்டிக் கதை, ஒரு கதை முடிஞ்சதும் நிறுத்தலாம். குழந்தை இறப்பும் அதுல வரும், அந்த வலி உள்ளவங்க யோசிச்சு ஆரம்பிங்க. பையன் பிறந்த புதுசுல நான் பாதியில வச்சுட்டு, பிறகுதான் முடிச்சேன்.

11/ வாங்கும் முன்னாடி நான் செய்யறது: howlongtobeat.com-ல முக்கியக் கதைக்கு மட்டும் எத்தனை மணின்னு பார்ப்பேன். 15 மணின்னா எனக்கு 20 ராத்திரி, ஏன்னா போட்டு உட்கார, பழசை ஞாபகப்படுத்த கால் மணி போயிடும். 50 மணி கேம்னா ரெண்டு மாசத்துக்கு மேல. முடிப்பேனான்னு அப்போதே தெரிஞ்சுடும்.

12/ ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணி நேரத்துக்குள்ளன்னா பணம் திரும்பக் கேட்கலாம். நமக்கு அது ரெண்டு ராத்திரி. முதல் ராத்திரி வேணும்னே நடுவுல அணைங்க. மூணு நாள் தொடாதீங்க. ரெண்டாவது ராத்திரி திறந்து, கதை எங்கே நிக்குதுன்னு ரெண்டு நிமிஷத்துல புரியுதான்னு பாருங்க. புரிஞ்சா வச்சுக்கோங்க.

13/ அவுட்டர் வைல்ட்ஸ் முடிக்க எனக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. கடைசி ராத்திரி மட்டும் பதினொன்றரைக்குப் படுத்தேன். வீட்டம்மா ஒண்ணும் சொல்லலை, பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தாங்க.